தலைப்புத் தாளும் மறுப்புரையும்

பள்ளி விவாதப் போட்டிக்கான தலைப்பு இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரு படமாகத்தான் மாணவர் கைக்கு வந்து சேருகிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை ஒருவர் படம் எடுப்பார், அது வாட்ஸ்அப் குழுவில் போய்விடும். அணியில் உள்ள மூவரும் அந்தப் படத்தைப் பார்த்தே பேச்சைத் தயாரிப்பார்கள். மேடையில் மறுப்புரை சறுக்குவதற்கான முதல் காரணம் பல நேரங்களில் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தாளின் மேல்பாதியில் பெரிய எழுத்தில் தலைப்பு இருக்கும். அடியில் சிறிய எழுத்தில் வயது வரம்பும் விளக்கக் குறிப்பும் எந்த அணி எந்தப் பக்கம் என்பதும் இருக்கும். படம் எடுப்பவர் தலைப்பை மட்டும் பார்த்து அடிப்பகுதியை விட்டுவிடுவார்.

படத்திலிருந்து தலைப்பை ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. நினைவிலிருந்து எழுதக்கூடாது, சொல் சொல்லாகப் பார்த்து எழுத வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வேண்டும், வேண்டாம், கூடாது என்ற முடிவு வரியின் ஓரத்திலோ அடுத்த வரியிலோதான் நிற்கும். படம் வெட்டுப்படுவதும் மங்குவதும் அதே ஓரத்தில்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் போகிறது, சிறிய எழுத்தும் எண்களும் கலங்கிவிடும். 10 என்பது 16 போலத் தெரியும். அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது. தாளின் நான்கு மூலையும் தெரியாத படத்தை முழுத் தாள் என்று நம்பவே கூடாது. பின்பக்கம் அச்சாகியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். தாளில் இப்படி இருக்கிறது: "மாணவர்கள் பள்ளி வளாகத்துக்குள் கைபேசி வைத்திருப்பதைத் தடை செய்ய வேண்டும்." அடியில் குறிப்பு: "12 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்குப் பொருந்தும்." நாம் வெட்டிப் பேசும் அணி. ஒட்டிப் பேசும் அணியின் முதல் பேச்சாளர் எழுந்து மூன்று வாதங்களை வைக்கிறார். கைபேசி வகுப்பில் கவனத்தைச் சிதைக்கிறது, தடை செய்த இங்கிலாந்துப் பள்ளிகளில் மதிப்பெண் 6.4 விழுக்காடு உயர்ந்தது என்பது ஒன்று. கைபேசி வழியாக மாணவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்து துன்புறுத்துகிறார்கள் என்பது இரண்டாவது. பிரான்ஸ் 2018-இலேயே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, நாமும் செய்யலாம் என்பது மூன்றாவது.

அவர் பேசும்போதே நாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையில் முதன்மைப் பேச்சு ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். அவர் உட்கார்ந்ததும் நம் முதல் பேச்சாளர் எழ வேண்டியதுதான், இடையில் யோசிக்கத் தனி நேரம் கிடையாது. தாளை நெடுக்கில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அவர் சொன்னதையும் வலப்பக்கம் நம் பதிலையும் எழுதுவது பழைய வழக்கம். இடப்பக்கத்தில் மேலே, வாதங்களுக்கும் முன்பாக, அவர் முதல் நிமிடத்தில் தலைப்பை எப்படி விளக்கினார் என்பதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். பலர் அந்த ஒரு நிமிடத்தை வணக்கவுரையாக நினைத்துக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். முழு விவாதத்துக்கும் அதுதான் எல்லைக் கல்.

நம் எடுத்துக்காட்டில் தாள் சொல்வது 'வைத்திருப்பது'. ஒட்டிப் பேசுபவரின் வாதங்களோ பயன்படுத்துவதைப் பற்றியவை. வகுப்பில் பாடம் நடக்கும்போது திரையைப் பார்ப்பது கெடுதல் என்று அவர் நிறுவினால், பார்க்கக்கூடாது என்ற விதிக்குத்தான் அது ஆதாரம். பையில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் கைபேசியையும் ஏன் தடுக்க வேண்டும் என்று அவர் தனியாகக் காட்டியாக வேண்டும். அவர் காட்டாமல் போனால் அந்த இடைவெளியில்தான் நம் மறுப்பு நிற்கிறது. தலைப்பைத் தோராயமாக, 'பள்ளியில் கைபேசித் தடை' என்று நோட்டில் எழுதிக்கொண்ட அணிக்கு இந்த இடைவெளி கண்ணில் படாது.

பிரான்ஸ் எடுத்துக்காட்டை இங்கே எடுத்துக் காட்டலாம். 2018-இல் அங்கே வந்த சட்டம் தொடக்கப் பள்ளியிலும் அதற்கடுத்த நடுநிலைப் பள்ளியிலும், ஏறக்குறைய 15 வயது வரை, கைபேசியைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பையில் வைத்திருப்பதை அது குற்றமாக்கவில்லை. மேல்நிலைப் பள்ளிகள் தாங்களே முடிவு செய்துகொள்ள விட்டது. ஆக, அவர்கள் கொண்டுவந்த சாட்சி நம் பக்கம் பேசுகிறது. நோட்டின் வலப்பக்கத்தில் இதை நான்கு வரியில் எழுதலாம். அவர்கள் சொன்னது: பிரான்ஸ் தடை செய்தது. நாம் சொல்வது: பிரான்ஸ் தடை செய்தது பயன்பாட்டை. காரணம்: கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கு வரலாம். ஆகவே: கெடுதலைத் தடுக்க இதைவிடச் சிறிய விதியே போதும் என்று அந்த நாடு முடிவு செய்தது, இன்றைய தலைப்பு அதையும் தாண்டிப் போகிறது. நான்காவது வரியான 'ஆகவே' இல்லாத மறுப்பு வெறும் தகவல் திருத்தம். நடுவர் அதைக் குறித்துக்கொள்வார், ஆனால் அதனால் விவாதம் எந்தப் பக்கமும் சாயாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒட்டிப் பேசுபவர் முதல் நிமிடத்தில், 'வாசலில் வாங்கி வைத்து மாலையில் திருப்பித் தருவதைத்தான் தடை என்கிறோம்' என்று விளக்கியிருந்தால் நிலைமை வேறு. மாலையில் பாதுகாப்பாக வீடு திரும்பக் கைபேசி வேண்டும் என்று நாம் தயாரித்து வைத்திருந்த வாதம் அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிடும். அதைக் கேட்காமல் எழுதி வந்ததை அப்படியே வாசித்தால், அவர்கள் சொல்லாத ஒன்றுக்குப் பதில் சொன்னவர்களாக ஆகிவிடுவோம். விளக்கம் நியாயமாக இருந்தால் அதை ஏற்று, நம் பதிலை மாற்ற வேண்டும். தாளுக்கே முரணாக இருந்தால் நம் முதல் பேச்சாளரே அப்போதே அதை எழுப்ப வேண்டும். இரண்டாம் பேச்சாளர் எழுந்து 'விளக்கம் தவறு' என்றால் காலம் கடந்துவிட்டது.

இனி அந்த 6.4 விழுக்காடு. இது லண்டன் பொருளியல் பள்ளி 2015-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளைப் பார்த்தார்கள். ஆய்வு சொன்னது மதிப்பெண் 6.4 விழுக்காடு கூடியது என்று அல்ல. மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதை அளக்கும் திட்ட விலக்கம் என்ற அலகில் 6.4 விழுக்காடு கூடியது என்றுதான் சொன்னது. ஒரு தேர்வில் அந்தப் பரவல் 15 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் 6.4 விழுக்காடு என்பது ஏறக்குறைய 1 மதிப்பெண். நூற்றுக்கு 60 எடுத்தவர் 61 எடுக்கிறார். இதே முறையில் ஸ்வீடனில் ஆய்வு செய்து 2020-இல் வெளியிட்டபோது, தடையால் மதிப்பெண்ணில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இங்கேதான் நேர்மை தேவைப்படுகிறது. அதே இங்கிலாந்து ஆய்வில், படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்குக் கிடைத்த பலன் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நன்றாகப் படிப்பவர்களுக்குப் பலன் இல்லை. இதை மறைத்துப் பேசினால், எதிரே இருப்பவர்களின் அடுத்த பேச்சாளர் எழுந்து அதையே எடுத்து வீசுவார், அதுவரை நாம் சொன்னதெல்லாம் நடுவர் கண்ணில் குறைந்துவிடும். நாமே முந்திக்கொண்டு, 'பின்தங்கிய மாணவர்களுக்குப் பலன் இருக்கிறது, ஏற்கிறோம். அந்தப் பலன் கைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால்தான் கிடைக்கும் என்று நீங்கள் காட்டவில்லை' என்று சொல்வதே வலுவான பதில்.

கேலி, துன்புறுத்தல் பற்றிய வாதத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். இரவில் வீட்டிலிருந்து வரும் செய்தியைப் பள்ளி வளாகத் தடை தொடாது என்று ஒரு வரி போதும். கழிவறையில் எடுக்கப்படும் படத்தைத் தடை தடுக்கும் என்று அவர்கள் சொன்னால் அது உண்மைதான். அந்த இடத்தில் அடித்துப் பேச முயன்றால் தோற்போம். எல்லா வாதத்துக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குவதுதான் புதிய பேச்சாளர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை. எதிர்த்தரப்பு எந்த வாதத்தின் மீது சாய்ந்து நிற்கிறதோ அதற்குத்தான் நம் நேரம் போக வேண்டும். இங்கே அது மதிப்பெண் வாதம்.

மறுப்புகளை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்ய வேண்டும். வலப்பக்கத்தில் உள்ள பதில்களை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். முதல் பதிலில் 'கைபேசியால் கவனம் சிதறுவதில்லை' என்றும் மூன்றாவதில் 'பயன்படுத்தத் தடை போதும், அதுவே சிதறலைத் தடுக்கும்' என்றும் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. சிதறலே இல்லையென்றால் சிறிய தடை எதற்கு? மூவரும் தனித்தனியாகத் தயாரிக்கும் அணிகளில் இது அடிக்கடி நேர்கிறது, கூர்மையான எதிர்ப்பேச்சாளர் இதை ஒருபோதும் விடமாட்டார். நம் அணியின் நிலைப்பாட்டை ஒரே வாக்கியமாக, 'பயன்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள், உடைமையைத் தடுக்காதீர்கள்' என்று நோட்டின் உச்சியில் எழுதி வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தாத பதிலை, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடித்துவிட வேண்டும்.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு, எதிரணியை மடக்குவது என்றால் ஒரு சொல்லில் அரங்கைச் சிரிக்க வைப்பது என்ற எண்ணம் படிந்திருக்கிறது. போட்டி நடுவர் கையில் இருப்பது மதிப்பெண் தாள். உலகப் பள்ளிகள் முறையில் நூற்றுக்கு 40 உள்ளடக்கத்துக்கு, 40 பேச்சு நடைக்கு, 20 உத்திக்கு. எந்த வாதத்தை எடுத்தார்கள், எதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பது அந்த 20-க்குள் வருகிறது.

பயிற்சி தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்குப் பத்து மறுப்புகள் எழுதச் சொல்லாதீர்கள். ஒரு தலைப்புத் தாளின் படத்தையும் எதிரணியின் ஒரு தொடக்கப் பேச்சையும் கொடுத்து, இரண்டே மறுப்புகளை 'ஆகவே' என்ற வரியோடு எழுதச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் தாளின் அடிப்பகுதியைத் தெரிந்தே வெட்டிக் கொடுத்து, முழுத் தாள் எங்கே என்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்றும் பாருங்கள்.