வாடைக் காலத்துப் பசியும் ஓட்டப் பயிற்சியும்

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்து சென்ற நாட்களில், வன்னிப் பெருநிலத்தில் ஒரு துயரம் நிகழ்ந்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களிலும் அவற்றின் அயலிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களில் குளிருக்கு இரையாயின. அன்று பனி உறையவில்லை. நுவரெலியாவில் ஆண்டுதோறும் காணும் குளிருக்கு வன்னியின் குளிர் அருகிலும் வருவதன்று. ஆயினும் தோல் நனைந்திருந்தது. வாடைக்காற்று ஓயாது வீசியது. மேய்ச்சல் தரை வெள்ளத்துள் கிடந்தமையால் வயிறும் வெறுமையாயிருந்தது. ஈரம், காற்று, வெறுவயிறு ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால், 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே உடலின் சூடு எவ்வளவு விரைவாகப் பறிபோகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இம்மூன்றும் மனிதருள் ஒரு கூட்டத்தாரிடம் ஆண்டுதோறும் ஒன்றுகூடுகின்றன. அவர்கள் வன்னியின் பாடசாலைகளில் ஓட்டப் பயிற்சி பெறும் மாணவர்களும் மாணவிகளும் ஆவர். இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் வழமையாக ஆண்டின் முதற்றவணையில், மாரி ஓய்ந்து வெயில் ஏறும் வேளையில் நடைபெறுகின்றன. அவற்றுக்கான பயிற்சியோ மார்கழியின் ஈரத்திலும் தையின் பனியிலும் தொடங்கிவிடுகிறது. குளிரில் பயின்று வெயிலில் போட்டியிடவேண்டிய இந்நிலையில், உணவை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பது சிந்திக்கத்தக்கது.

மாரியில் பசி மிகும் என்பதை எல்லோரும் அறிவர். அது வெறும் எண்ணமன்று. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில இளைஞரை நீரில் அமர்த்தி, 45 நிமிடம் மிதிபொறியை மிதிக்கச் செய்து, பின்பு விரும்பிய அளவு உண்ணவிட்டனர். 20 பாகை நீரில் மிதித்தவர்கள், இளஞ்சூட்டு நீரில் மிதித்த நாளைவிட ஏறத்தாழ 44 சதவீதம் கூடுதலான கலோரி கொண்ட உணவை உண்டனர். இத்தனைக்கும் அவர்கள் செய்த வேலையின் அளவு ஏறக்குறைய ஒன்றேயாகும். தோல் குளிர்ந்தபோது, வேலைக்கு ஈடான உணவைவிட மிகுதியாகப் பசி கேட்டுவிட்டது.

நீர், காற்றைவிடப் பல மடங்கு விரைவாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நனைந்த பனியன் அணிந்து வாடைக்காற்றில் நிற்கும் பிள்ளையின் நிலை, நீருக்கும் காற்றுக்கும் இடைப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அப்பிள்ளைக்குக் குறையொன்றுமில்லை. தசைகள் உண்டாக்கும் சூடு போதியதாகும். ஓட்டம் நின்றபின், மரத்தடியில் ஈரத்தோடு அரைமணி நேரம் கதைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உடல் நடுங்கத் தொடங்குகிறது. நடுக்கமும் தசையின் வேலையே. ஓட்டத்தில் எஞ்சிய சர்க்கரைச் சேமிப்பை அது மேலும் கரைக்கிறது. ஆகவே, பயிற்சிக்குப்பின் முதலிற் செய்யவேண்டியது உண்பதன்று. உலர்ந்த சட்டை மாற்றுவதேயாகும். உணவைப் பற்றிய பேச்சில் சட்டைக்கு என்ன இடமென்று வினவலாம். சட்டையை மாற்றாத பிள்ளையின் பசியை அளவிட இயலாது என்பதே விடை.

இனி, வன்னிக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றைக் கூறவேண்டும். பசி மிகும் இம்மாதங்களில்தான் வீட்டில் உணவு குறைவு. காலபோக நெல் மாசி, பங்குனியிலேயே அறுவடையாகும். மார்கழியில் பழைய நெல் அடிமூட்டையை எட்டியிருக்கும். வாடையில் கிழக்குக் கடல் கொந்தளிப்பதால் முல்லைத்தீவுக் கரையில் மீன் அரிதாகி, விலையும் ஏறிவிடும். இந்நிலையில், மிகுந்த பசியை மலிந்த பொருள்கள் நிரப்புகின்றன: கோதுமை மாவில் ரொட்டி, பாண், எண்ணெயிற் பொரித்த பலகாரம், சீனி மிகுந்த தேநீர். வயிறு நிறைந்துவிடும். தசைக்கு வேண்டிய புரதமோ போதிய அளவு சேராது. பெற்றோர், ‘பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான்’ என்று மகிழ்ந்திருக்க, மைதானத்தில் ஆசிரியர், ‘பிள்ளைக்குச் சோம்பல்’ என்று குறைகூறுவார். இருவரும் தாம் கண்டதையே கூறுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக நோக்கலாம். இரணைமடுக் குளத்தை அண்டிய கிராமமொன்றில், பதினாறு வயதும் 50 கிலோகிராம் நிறையும் உடைய மாணவனொருவன் 1500 மீற்றர் ஓட்டத்துக்குப் பயில்கிறான் என்று கொள்வோம். அவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு வெறுந்தேநீருடன் புறப்பட்டு, ஆறு மணி முதல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடுகிறான். ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்கிவிடும். உண்பதற்கு இடைவேளைவரை காத்திருக்கவேண்டும். அவ்வேளை வந்ததும் சிற்றுண்டிச்சாலையில் நான்கைந்து பொரித்த பண்டங்களை விழுங்குகிறான். வீடு சென்று மதியச் சோறு. இரவில் குளிருக்கு இதமாக இரு மடங்கு சோறு. இரண்டு கிழமைகளில் அவன் நிறை குறையவில்லை, சற்றுக் கூடியுமிருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு நாளும் கடைசிச் சுற்றில் அவன் கால்கள் கனத்துவிடுகின்றன.

அவன் உண்ணும் அளவிற் குறையில்லை. உண்ணும் வேளையிலேயே குறை. இரவு எட்டு மணிக்கு உண்டபின், உறக்கத்தின்போது ஈரலின் சர்க்கரைச் சேமிப்பு பெரிதும் செலவாகிவிடுகிறது. அதன்மேல் வெறுந்தேநீரும் ஓட்டமும், பின் நடுக்கமும், மூன்று மணி நேரப் பட்டினியும். இடைவேளையில் எழும் வெறிப்பசியும் இரவில் எழும் பெரும்பசியும் இந்தக் காலைப் பட்டினியின் எதிரொலிகளே.

மாற்றம் எளிதாக அமையலாம். ஓடுவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன், ஒரு குவளை இளஞ்சூட்டு அரிசிக் கஞ்சியை உப்பும் சிறிது சர்க்கரையும் இட்டுப் பருகவேண்டும். கஞ்சி வாய்க்காதபோது ஒரு வாழைப்பழம் போதும். தேங்காய்ப்பால் அந்த வேளையில் வேண்டாம். கொழுப்பு இரைப்பையில் தங்கி ஓட்டத்தில் புரட்டும். ஓடி முடிந்து சட்டை மாற்றியபின், வகுப்புக்குச் செல்லுமுன்பே வீட்டிலிருந்து கொண்டுவந்த பொதியைப் பிரிக்கவேண்டும். அதில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு கிராம் வீதம் மாப்பொருள் இருத்தல் நன்று. இம்மாணவனுக்கு அது 50 கிராம். ஏறத்தாழ ஒன்றேகால் தேநீர்க்கோப்பைச் சோற்றில் அவ்வளவு உண்டு. சோற்றுக்கு ஈடாகப் பிட்டோ குரக்கன் ரொட்டியோ ஆகலாம். அத்துடன் ஓர் அவித்த முட்டையும் அரைக்கோப்பை அவித்த பயறும் சேர்ந்தால் 13 கிராம் அளவு புரதம் கிடைக்கும். கடல்மீன் அரிதான காலத்தில் குளத்து மீனும் கௌபியும் கச்சானும் அந்த இடத்தை நிரப்பத்தக்கன.

காலை உணவு இவ்வாறு சீரானபின், இரவின் பெரும்பசி சில நாட்களில் தானே தணிவதைக் காணலாம். தணியாவிடின், கஞ்சியோ பொதியோ ஒழுங்காக உண்ணப்படவில்லை என்று ஐயுறலாம். மழை மிகுந்து பயிற்சி நின்றுபோகும் கிழமைகளும் உண்டு. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டைப் பலர் மறந்திரார். அத்தகைய நாட்களில் வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பசி குறையாது, வேலையோ குறைந்துவிடும். அப்போது புரதத்தையும் காய்கறியையும் குறைக்காமல், பயிற்சிக்கென்று சேர்த்த கஞ்சியையும் சோற்றையும் மட்டும் நிறுத்திவைத்தல் தக்கது.

பசி மிகுவதுபோலத் தாகம் மிகுவதில்லை. குளிரில் அது மறைந்தேவிடும். தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கி உள்ளுறுப்புகளில் இரத்தம் நிறைவதால், உடலில் நீர் போதியதாக உள்ளதென்று மூளை கொள்கிறது. சிறுநீரும் அதிகமாகப் பிரிகிறது. ஆனால் ஓடுபவன் மழையிலும் வியர்க்கிறான். நனைந்த உடலில் வியர்வை தெரிவதில்லை, அவ்வளவே. பாடசாலையில் நிறைகாட்டும் தராசு இருப்பின், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், ஈரம் துடைத்து, ஒரே வகை உலர்ந்த உடையில் நிறுத்துப் பார்க்கலாம். குறைந்த ஒவ்வொரு 100 கிராமுக்கும் 100 மில்லிலீற்றர் நீர் வெளியேறியதென்று கொள்ளவேண்டும். நமது மாணவனுக்கு ஒரு கிலோகிராம் குறைந்திருந்தால் அது அவன் நிறையில் 2 சதவீதம். அந்த அளவில் ஓட்டத்தின் வேகம் தளரத் தொடங்கும். தராசு இல்லாதவிடத்துச் சிறுநீரின் மஞ்சள் நிறம் அடர்ந்திருப்பதே அடையாளம்.

பருகும் நீர் கொதித்தாறியதாக இருக்கவேண்டும். வெள்ளத்தில் கிணறுகள் அழுக்குறும் காலமிது. கோடையில் அமிர்தமாயிருக்கும் பழஞ்சோறு, கொதிக்காத கிணற்று நீரில் ஊறினால் மாரியில் வயிற்றோட்டத்தைத் தரக்கூடும். தயிரும் வாழைப்பழமும் தடிமனைக் கொணரும் என்று தாய்மார் விலக்குவதுண்டு. தடிமன் வைரசினால் ஒருவரிலிருந்து மற்றவருக்குப் பரவுவது; தயிரால் வருவதன்று. முட்டைக்கு வழியில்லாத வீட்டில் தயிரையும் விலக்கிவிட்டால், பிள்ளைக்குப் பின் எஞ்சுவது ரொட்டியே.

மாரியில் பசி கூடுவது இயல்பு. திடீரெனக் குறைவது இயல்பன்று. டெங்கும், வயற்சேற்றில் தொற்றும் எலிக்காய்ச்சலும் வன்னியில் இக்காலத்திலேயே தலைதூக்கும். பசியிழப்போடு காய்ச்சலும் உடல்நோவும் கண்டால், உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் பயிற்சியை நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சோர்வுக்கு, ‘பகல் குறுகிய காலம்’ என்று காரணம் கூறுவாருமுளர். வடநாடுகளுக்கு அது பொருந்தும். வன்னியில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரமளவே.

மாசி பிறந்ததும் காட்சி மாறுகிறது. புது நெல் வீட்டுக்கு வருகிறது; பிள்ளையின் பசியோ வெயிலில் ஒடுங்குகிறது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமைகள் வேண்டும். போட்டி அதற்குள் வந்துவிட்டால், மார்கழியில் ஓடிய நேரத்தை எதிர்பார்ப்பது தவறு. ஆதலால் போட்டிக்குப் பத்து நாட்களுக்கு முன்பிருந்தேனும் சில பயிற்சிகளைப் பிற்பகலுக்கு மாற்றி, முதலில் குறுகிய நேரமும் பின் படிப்படியாகக் கூடிய நேரமும் ஓடச் செய்யவேண்டும்.

உணவும் அதற்கேற்ப இடம்பெயரவேண்டும். பெருஞ்சோறு காலையிலும் பொழுதுபட்ட பின்பும், நண்பகலில் சிறிதளவே. ஓட்டம் முடிந்தவுடன் வெயிலில் நின்ற பிள்ளைக்குத் திண்மையான உணவு இறங்காது. மாரியில் அதே வேளையில் பொதி முழுவதையும் உண்டவன் இப்போது அதைத் தொடாமல் வைத்திருப்பான். அவனை வற்புறுத்தாமல், உப்பிட்ட மோரையோ நீர்த்த கஞ்சியையோ முதலிற் கொடுத்து நிழலில் அமர்த்தினால், ஒரு மணி நேரத்தில் பசி திரும்பும். பொதியை அப்போது பிரிக்கலாம்.