மாதம் ஒரு கடிதம்: தொல்லையாகாமல் வாடிக்கையாளரோடு தொடர்பு வைப்பது எப்படி?



கண்காட்சியில் கடை போட்டால் நம்மில் பலர் ஒரு நோட்டு வைத்து, வந்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்குகிறோம். வாங்கியவர் நம்பரும் இருக்கும், "அப்புறம் சொல்றேங்க" என்று விலை மட்டும் கேட்டுப் போனவர் நம்பரும் இருக்கும். அதன் பிறகு அந்த நோட்டு என்ன ஆகிறது? சிலர் அதைத் திறப்பதே இல்லை. சிலரோ எல்லா நம்பரையும் வாட்ஸ்அப்பில் ஏற்றி, காலை வணக்கப் படம், பண்டிகை வாழ்த்து, விலைப் பட்டியல் என்று தினமும் அனுப்புகிறார்கள். திறக்காத நோட்டால் வாடிக்கையாளர் நம்மை மறந்துவிடுவார். தினமும் வரும் படத்தால் நம்மைத் தடுத்தே வைத்துவிடுவார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. மாதத்திற்கு ஒரே ஒரு சிறு கடிதம், கேட்டவர்களுக்கு மட்டும். அதை எப்படி நடத்துவது என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் சம்மதம்

குழுவில் மனு கொடுக்காதவர் பேரில் நாம் கடன் எழுதுவோமா? மாட்டோம். கையெழுத்து வேண்டும். கடிதத்திற்கும் அதே கணக்குதான். நம்பர் கொடுத்தது அன்றைய வியாபாரத்திற்கு. மாதா மாதம் கடிதம் வரலாம் என்பதற்கு அது சம்மதம் ஆகாது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கூழ் வத்தல் செய்து விற்கும் ஒரு சகோதரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நோட்டில் 64 நம்பர்கள். 38 பேர் வாங்கியவர்கள், 26 பேர் விசாரித்தவர்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வீதம் இப்படி எழுதுகிறார்:

"வணக்கம்மா. போன மாதம் கண்காட்சியில எங்க கடையில பருப்புப் பொடி வாங்கினீங்க. மாசத்துக்கு ஒரு தடவை, என்ன செய்யறோம், எப்ப கிடைக்கும்னு சின்னக் கடிதம் அனுப்பலாமா? விருப்பம்னா 'சரி'ன்னு போடுங்க. இந்த நம்பரை உங்க போன்ல பதிஞ்சு வெச்சுக்கோங்க, அப்பதான் கடிதம் வந்து சேரும்."

35 பேர் "சரி" என்றார்கள். 6 பேர் வேண்டாம் என்றார்கள். 23 பேரிடமிருந்து பதிலே இல்லை. பட்டியலில் ஏற வேண்டியது 35 பேர் மட்டும்தான். பதில் சொல்லாத 23 பேரைச் சேர்க்க மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. அடுத்த முறை நேரில் பார்க்கும்போது வேண்டுமானால் கேட்கலாம்.

நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, யார் எந்தத் தேதியில் சரி சொன்னார், என்ன வாங்கினார் என்று எழுதி வையுங்கள். பின்னால் யாராவது "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டால் பதில் சொல்ல அது உதவும்.

குரூப் வேண்டாம், பட்டியல் போதும்

இங்கேதான் பலருக்குக் குழப்பம். வாட்ஸ்அப் குரூப் தொடங்கி எல்லோரையும் அதில் போட்டுவிட்டால், ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். நம்மை நம்பி நம்பர் கொடுத்த பெண்ணுக்கு, அதன் பிறகு முன்பின் தெரியாத ஆளிடமிருந்து போன் வந்தால் யார் பொறுப்பு? அதோடு, ஒருவர் "வத்தல் இருக்கா?" என்று கேட்டால் 35 பேர் போனிலும் மணி அடிக்கும்.

இதற்கென்றே வாட்ஸ்அப்பில் பட்டியல் வசதி உண்டு. மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் "New broadcast" என்று வரும். சில போன்களில் "Broadcast lists" என்று இருக்கும். அதில் 35 பேரையும் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியல் செய்துகொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் ஒரு தடவை கடிதத்தை அனுப்பினால், வீடு வீடாகப் போய்த் தனித்தனியாகக் கொடுத்த மாதிரி ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. அவர்கள் எழுதும் பதிலும் நமக்கு மட்டும் வரும்.

ஒரு நிபந்தனை உண்டு. நம்முடைய நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே பட்டியல் வழி அனுப்பும் கடிதம் போய்ச் சேரும். முதல் செய்தியிலேயே "பதிஞ்சு வெச்சுக்கோங்க" என்று எழுதச் சொன்னது அதனால்தான். இது நமக்குத் தடை போலத் தெரிந்தாலும் நல்லதுதான். நம்பரைப் பதிந்து வைத்தவர் நம்மை வேண்டும் என்று நினைப்பவர்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

படிப்பவருக்குப் பயன்படும் ஒரு விஷயம், நம்மிடம் இந்த மாதம் நடக்கும் ஒரு செய்தி, வாங்குவதற்கு ஒரு வரி, வேண்டாம் என்பவருக்கு ஒரு வரி. இவ்வளவு போதும். போனில் ஒரு பக்கத்திற்கு மேல் போகக் கூடாது. படம் வைத்தால் ஒன்றே ஒன்று, நாமே எடுத்ததாக இருக்கட்டும். நம் சகோதரியின் சித்திரை மாதக் கடிதம் இது:

"வணக்கம். பொடிக்காரம்மா எழுதறேன். வத்தல் பொரிக்கும்போது எண்ணெய் காய்ஞ்சுதான்னு பார்க்க, முதல்ல ஒண்ணே ஒண்ணு போடுங்க. உடனே மேலே வந்து பொரிஞ்சா சரியான சூடு. அடியிலேயே கிடந்தா இன்னும் காயணும். இல்லேன்னா எண்ணெய் குடிச்சிடும்.

இந்த மாசம் வெயில் நல்லா இருக்கு, கூழ் வத்தல் போட்டிருக்கோம். மொத்தம் 12 கிலோதான் வரும். 250 கிராம் பாக்கெட் 100 ரூபாய். வேணும்னா இதுக்குப் பதில் போடுங்க, எடுத்து வைக்கிறேன். கடிதம் வேண்டாம்னா 'வேண்டாம்'னு போடுங்க, நிறுத்திடுவேன்."

வத்தல் வாங்காதவருக்கும் முதல் பகுதி உதவும். கடிதத்தைத் திறந்ததற்கு அவருக்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. அடுத்த மாதக் கடிதத்தையும் அவர் திறப்பார். முதல் வரியிலேயே தான் யார் என்று சொல்லியிருப்பதையும் பாருங்கள். 12 கிலோ என்றால் 48 பாக்கெட். உண்மையாகவே அவ்வளவுதான் இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். மாதா மாதம் "சீக்கிரம் தீர்ந்துவிடும்" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேறு ஒருவர் நமக்கு அனுப்பிய செய்தியை அப்படியே மற்றவர்களுக்குத் தள்ளிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மேலே "Forwarded" என்ற முத்திரை விழும். தனக்கு எழுதிய கடிதம் இல்லை, ஊர் சுற்றி வந்த செய்தி என்று பார்ப்பவர் நினைப்பார். பட்டியலில் நேரே எழுதினால் அந்த முத்திரை வராது.

போய்ச் சேர்ந்ததா? எப்படிப் பார்ப்பது?

அனுப்பி ஒரு வாரம் கழித்து, அந்தக் கடிதத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து "Info" பாருங்கள். யாருக்கு வந்து சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பெயர் பெயராகத் தெரியும். படித்ததைக் காட்டாமல் சிலர் மறைத்து வைத்திருப்பார்கள். ஆகவே வந்து சேர்ந்த கணக்கையே முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் சகோதரியின் 35 பேரில் 27 பேருக்குச் சேர்ந்தது, 8 பேருக்குச் சேரவில்லை. ஒரு வாரமாகியும் சேரவில்லை என்றால் பெரும்பாலும் நம்பரைப் பதியவில்லை, அல்லது நம்மைத் தடுத்துவிட்டார், அல்லது போனையே மாற்றிவிட்டார். இந்த 8 பேருக்கும் தனியாக ஒரே ஒரு தடவை, "நம்பரைப் பதிஞ்சீங்களாம்மா?" என்று எழுதலாம். நம்பரைப் பதியாதவருக்கும் தனிச் செய்தி போய்ச் சேரும். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

சேர்ந்த 27 பேரில் 9 பேர் பதில் போட்டார்கள். 5 பேர் வத்தல் கேட்டார்கள், 3 பேர் சந்தேகம் கேட்டார்கள், ஒருவர் "வேண்டாம்" என்றார். அந்த ஒருவர் பெயரை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். "ஏம்மா?" என்று கேட்கவும் கூடாது. சந்தேகம் கேட்ட மூவருக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும். விலை விசாரித்துப் போனவர் வாடிக்கையாளராக மாறுவது பெரும்பாலும் இந்தப் பதிலில்தான்.

தொல்லையாகிறோம் என்பதற்கு அறிகுறிகள்

வந்து சேர்ந்தவர் எண்ணிக்கை மாதா மாதம் குறைந்துகொண்டே போனால், சத்தமில்லாமல் தடுக்கிறார்கள் என்று பொருள். நம்மைத் தடுத்தவர் யார் என்று வாட்ஸ்அப் நமக்குச் சொல்லாது. அதனால்தான் இந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறோம். முன்பு பதில் போட்டவர்கள் போடுவதை நிறுத்திவிட்டால், கடிதத்தில் விலை மட்டும் மிஞ்சி, பயன் போய்விட்டது என்று பொருள். "யாருங்க நீங்க?" என்று பதில் வந்தால் இடைவெளி அதிகமாகிவிட்டது, அல்லது நம் பெயரை எழுத மறந்துவிட்டோம்.

மூன்று கடிதத்திற்கும் அசையாதவரிடம் ஒரு முறை தனியாக, "தொடர்ந்து அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். பட்டியல் சிறிதாவது நஷ்டம் இல்லை. பலர் நம்மைத் தடுத்துப் புகார் கொடுத்தால் வாட்ஸ்அப் நம் கணக்கையே முடக்கிவிட முடியும். அப்போது ஆர்டர் கொடுத்தவர்களோடு பேசும் வழியும் சேர்ந்து போய்விடும்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். சொந்த நம்பரிலிருந்து விளம்பரச் செய்தி அனுப்பினால் வந்தவர் 1909-க்குப் புகார் செய்யலாம், நம் இணைப்பே துண்டிக்கப்படலாம். அவர்களுக்கு அதே கடிதத்தை அரைத்தாளில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பாக்கெட்டோடு வைத்துக் கொடுங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். இந்தக் கடிதம் புது ஆட்களைக் கொண்டு வராது. அதற்குச் சந்தையும் கண்காட்சியும் வேண்டும். அங்கே ஒரு தடவை நம் பொருளைப் பார்த்தவர் நம்மை மறக்காமல் இருக்கத்தான் இந்தக் கடிதம்.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது வாடிக்கையாளர் நோட்டையும் போனையும் எடுத்து வாருங்கள். சம்மதம் கேட்கும் செய்தியை அங்கேயே உட்கார்ந்து எழுதி, முதல் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டே எழுந்திருப்போம்.