40 பைசாவில் தோற்கும் கிரீடி

காயின் சேஞ்ச் ப்ரோக்ராம் எழுதி, சாம்பிள் டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ் ஆகி, சப்மிட் பண்ணினதும் 'ராங் ஆன்சர்' வந்திருக்கா? லூப்பில் ஒரு தப்பும் இல்லாமலேயே இது நடக்கும். கோளாறு நாணயங்களில் இருக்கலாம்.

கணக்கு இதுதான்: கொடுத்த தொகையை மிகக் குறைந்த எண்ணிக்கையிலான நாணயங்களில் தர வேண்டும். கிரீடி முறையில், மீதித் தொகைக்குள் அடங்கும் மிகப் பெரிய நாணயத்தை எடுத்து, கழித்து, மீதி பூஜ்யம் ஆகும் வரை இதையே திரும்பச் செய்கிறோம்.

இன்றைய 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களுக்கு இது எப்போதும் சரி. ஏன்? ஒரு நல்ல விடையில் இரண்டு 10 இருக்காது. ஒரு 20 போதுமே. அதேபோல இரண்டு 5 இருக்காது. 1, 2 மட்டும் சேர்ந்து 5-ஐத் தொட்டால் அதையும் குறைந்த காசில் மாற்றிவிடலாம். ஆக, 20 இல்லாமல் சிக்கனமாக அடுக்கினால் 10+5+2+2, அதாவது 19 வரைதான் போக முடியும். தொகை 20-ஐத் தாண்டினால் 20-ஐ எடுத்தே ஆகணும்.

இப்போ 1980-களுக்கு வருவோம். அப்போது 5, 10, 20, 25, 50 பைசா நாணயங்கள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தன. 40 பைசா தரணும். கிரீடி முதலில் 25-ஐ எடுக்கும். மீதி 15. அதற்கு 10, 5. மொத்தம் மூன்று காசு. ஆனால் இரண்டு 20 பைசா போதும்!

எங்கே சறுக்கியது? 25-ஐ எடுத்தது அந்த நேரத்துக்குப் பெரிய லாபம்தான். ஆனால் அது விட்டுச்சென்ற 15-க்கு இரண்டு காசு வேணும். 20-ஐ எடுத்திருந்தால் மீதிக்கு ஒன்றே போதும். கிரீடி மீதியைப் பார்ப்பதே இல்லை. எடுத்ததைத் திருப்பி வைப்பதும் இல்லை.

டைனமிக் ப்ரோக்ராமிங் அந்த மீதியைப் பார்க்கிறது. சின்னத் தொகைகளுக்கான விடைகளை முதலில் அட்டவணையில் எழுதிவிட்டு, கடைசியாக எடுத்த காசு எதுவாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது:

```
dp[40] = 1 + min(dp[35], dp[30], dp[20], dp[15])
       = 1 + min(2, 2, 1, 2) = 2
```

இதற்கு விலை உண்டு. தொகை பெரிதானால் அட்டவணையும் நீளும். அதனால் கிரீடியை நம்பலாமா என்று முதலில் சோதித்துக்கொள்வது லாபம். 1994-ல் கோசன், ஸாக்ஸ் இருவரும் நிரூபித்தது இது: மிகச் சிறிய நாணயம் 1 ஆக இருந்து, கிரீடி எங்காவது தோற்குமானால், முதல் தோல்வி இரண்டு பெரிய நாணயங்களின் கூட்டுத்தொகைக்குக் கீழேயே வந்துவிடும்.

நம் பைசாக்களை 5 பைசா ஒரு அலகு என்று வைத்தால் 1, 2, 4, 5, 10. பெரிய இரண்டின் கூட்டு 15. ஆக 14 வரை இரண்டு முறையையும் ஓட்டி ஒப்பிட்டால் போதும். 8-ல், அதாவது 40 பைசாவில், குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்த தடவை சப்மிட் பட்டனை அழுத்துவதற்கு முன் இந்தச் சின்ன லூப்பை ஓட்டிப் பாருங்க.