க்ரோன்ஸ் நோய்: அழற்சியை அடக்க வேண்டிய ஊசி, நோயைக் கூட்டியது ஏன்?

உங்கள் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் உடலின் எதிர்ப்புச் செல்களுக்கும் நடுவே இருப்பது சளிப் படலமும், ஒரே ஒரு செல் தடிமனுள்ள சுவரும்தான். இவ்வளவு நெருக்கத்திலும் ஏன் சண்டை வருவதில்லை?

அடக்கி வைக்க ஆள் இருக்கிறது. 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' அனுப்பும் ஐஎல்-10 என்ற புரதம், 'இவை நம்மோடு இருப்பவை, விட்டுவிடு' என்று மற்ற செல்களுக்குச் சொல்கிறது. ஐஎல்-10 இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வருவதை 1993இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது நோய் வரவில்லை. அதாவது, பாக்டீரியா மட்டும் குற்றவாளி இல்லை. அதைச் சகித்துக்கொள்ளும் தன்மை போய்விடுவதுதான் பிரச்னை.

சகிப்பு போனதும் 'உதவி டி செல்கள்' அளவுக்கு மீறிக் கிளம்புகின்றன. அவற்றில் ஒரு வகை ஐஎல்-17 என்ற புரதத்தைச் சுரக்கும். க்ரோன்ஸ் நோயாளிகளின் புண்பட்ட குடலில் அது ஏராளமாகவே இருந்தது. அப்புறம் என்ன, அதைத் தடுத்தால் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சொரியாசிஸுக்கு அந்த வழி பிரமாதமாக வேலை செய்கிறது.

ஐஎல்-17ஐத் தடுக்கும் செக்குகினுமாப் மருந்தை 59 க்ரோன்ஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 39 பேருக்கு மருந்து, 20 பேருக்கு மருந்தில்லாத போலி ஊசி. 2012இல் வெளியான முடிவின்படி, போலி ஊசி போட்டவர்களே தேவலாம் என்ற நிலை! சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. ஐஎல்-17 ஏற்பியைத் தடுக்கும் ப்ரோடலுமாப் மருந்துக்கும் க்ரோன்ஸில் இதே கதிதான்.

கணக்கு எங்கே தப்பியது? குடலில் ஐஎல்-17க்கு இன்னொரு வேலையும் உண்டு. சுவரின் செல்களுக்கு இடையிலான இணைப்பு விட்டுப்போகாமல் காப்பது அது. அதை முழுசாகத் தடுத்தால் சுவர் கசிகிறது, பாக்டீரியா உள்ளே வருகிறது, சண்டை பெரிதாகிறது. ஆனால் உதவி டி செல்களை உசுப்பிவிடுவது ஐஎல்-23 என்ற வேறொரு புரதம். சுவரைக் காக்கும் ஐஎல்-17இன் ஒரு பகுதி, ஐஎல்-23 இல்லாமலேயே சுரக்கிறது. எனவே அந்த மேல்மட்டத்தில் தடுக்கும் உஸ்டெகினுமாப், ரிசான்கிசுமாப் போன்ற மருந்துகள் க்ரோன்ஸில் பலன் தருகின்றன. எல்லோருக்கும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இது உங்களுக்கு எதற்கு என்கிறீர்களா? சொரியாசிஸுக்கோ முதுகெலும்பு வாதத்துக்கோ ஐஎல்-17 தடுப்பு ஊசி பேசப்படுகிறது என்றால், உங்களுக்கோ குடும்பத்திலோ குடல் அழற்சி இருப்பதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி தொடங்கிய பின் வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், தூக்கத்தில் எழுப்பும் வலி, எடைக் குறைவு வந்தால் காத்திருக்காதீர்கள். இது அரிது, ஆனால் நடக்கிறது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவைப் பார்த்தால் சாதாரணக் குடல் எரிச்சலா, அழற்சியா என்று ஓரளவு தெரியும். நம் நாட்டில் குடல் காசநோயிலும் அந்த அளவு ஏறும். எனவே அளவு கூடியிருந்தால், கொலனோஸ்கோப்பி செய்து திசுவையும் எடுத்துப் பார்ப்பார்கள்.