10 நாள் விபாசனா முகாம்: 10 நாள் லீவு போட்டால் போதுமா? கட்டணம் எவ்வளவு? என்ன கொண்டு போகணும்?

பேசக்கூடாது, போன் கிடையாது, அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். எஸ்.என். கோயங்கா வழியில் நடக்கும் 10 நாள் விபாசனா தியான முகாமைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்திலும் இது நடக்கிறது. பதிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

எத்தனை நாள் லீவு?

பெயரில்தான் 10 நாள். முந்தைய நாள் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும், 11ஆம் நாள் காலைதான் கிளம்ப முடியும். புதன்கிழமை போனால், அடுத்த வாரத்தையும் தாண்டி ஞாயிறு காலைதான் வெளியே வருவீர்கள். சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவர்களுக்கு 8 நாள் லீவு தேவை. இடையில் கிளம்ப மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் சேர்கிறோம் என்பதால், லீவு உறுதியான பிறகு ரயில் டிக்கெட் போடுவது நல்லது.

கட்டணம் எவ்வளவு?

தங்க, சாப்பிட, கற்றுக்கொள்ள எதற்கும் கட்டணம் இல்லை. முகாமை முடித்தவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம். முடிக்காதவர்களிடம் நன்கொடையே வாங்குவதில்லை. அதனால் 'சீட் உறுதி செய்ய முன்பணம் கட்டுங்க' என்று யாராவது கேட்டால் உஷாராகுங்கள். பதிவு செய்ய வேண்டிய இணையதளம் dhamma.org.

ஒரு நாள் எப்படிப் போகும்?

4.30 மணிக்குத் தியானம் தொடங்கும். 6.30க்கு காலை உணவு, 11 மணிக்கு மதிய உணவு. இரவுச் சாப்பாடு கிடையாது. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் பழமும் மட்டும். 7 மணிக்கு உரை, 9.30க்கு விளக்கு அணைக்கப்படும். 10ஆம் நாள் காலை வரை மற்றவர்களிடம் சைகையில்கூடப் பேசக்கூடாது. ஆனால் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், தங்குவதில் பிரச்னை என்றால் நிர்வாகியிடம் சொல்லலாம்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

இங்குதான் சிலர் தப்பு செய்கிறார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, மனநல சிகிச்சையையோ மாத்திரையையோ விண்ணப்பத்தில் மறைக்கிறார்கள். நாள் முழுக்க மௌனமாக உட்காரும்போது பழைய பதற்றம் அதிகமாகலாம், தூக்கம் கெடலாம். அதனால்தான் தீவிர மனநலப் பிரச்னை உள்ளவர்களுக்கு இந்த முகாம் பரிந்துரைக்கப்படுவதில்லை. முகாமுக்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் 11 மணிக்குப் பிறகு சாப்பாடு இல்லை என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

பையில் என்ன இருக்கணும்?

தளர்வான, உடலை மூடும் உடைகள், போர்வை, டார்ச், சின்ன அலாரம் கடிகாரம், 12 நாளுக்கான மருந்து. புத்தகம், பேனா, ஜெபமாலை, வாசனைத் திரவியம் வேண்டாம். போனை அங்கே ஒப்படைக்க வேண்டும். அவசரத்துக்குக் கூப்பிட மையத்தின் எண்ணை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.