நூறு மார்க் பரீட்சையில் 225 எங்கிருந்து வந்தது?

எங்கள் ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் நான் பாடம் எடுப்பதில்லை. "நீங்க சாஃப்ட்வேர்தானே, மார்க் ஷீட்டைப் பார்த்துக்கோங்க" என்று இரண்டு வருடம் முன்பு ஒருவர் சொன்னார். அதிலிருந்து அந்த வேலை என்னுடையது. டொரன்டோவுக்குப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக் கட்டடத்தில் சனிக்கிழமை காலை வகுப்பு நடக்கும். பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே காபி குடிக்கும் அப்பாக்களில் நானும் ஒருவன்.

போன பருவத் தேர்வு முடிந்ததும், நான்காம் நிலை வகுப்பின் அறிக்கையில் ஒரு புது வரி சேர்த்தேன். சராசரி மட்டும் போட்டால் ஒன்றும் தெரியவில்லை, மார்க் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதும் தெரியட்டும் என்று நினைத்தேன். போன வருடம்: சராசரி 70, வேரியன்ஸ் 100. இந்த வருடம்: சராசரி 70, வேரியன்ஸ் 225.

கூட்டத்தில் வகுப்பு டீச்சர் முதலில் கேட்டார். யாழ்ப்பாணத்தில் பல வருடம் படிப்பித்தவர். "தம்பி, நூறுக்குத்தானே சோதினை? இருநூற்றி இருபத்தஞ்சு எங்கையிருந்து வந்தது?"

நான் பதில் சொல்வதற்குள் ஒருங்கிணைப்பாளர் முந்திக்கொண்டார். "எதுவா இருந்தாலும் இரண்டே கால் மடங்கு ஏறியிருக்கே. ஒரே வகுப்பில் வைத்து நடத்த முடியாது. கடைசி மூணு பேரையும் மூன்றாம் நிலைக்கு இறக்கிடலாம்."

அந்த மூன்று பேரில் ஒரு பையனின் அம்மா எனக்குத் தெரிந்தவர். தன்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னால் அவன் தமிழ் வகுப்பையே விட்டுவிடுவான் என்று அன்று மாலை போனில் சொன்னார். நான் போட்ட ஒரு எண்தான் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. கணக்கில் தப்பில்லை. ஆனால் அங்கே போட்டிருக்க வேண்டிய எண் அது இல்லை.

மார்க்கைப் பார்ப்போம். எட்டுப் பிள்ளைகள். இந்த வருடம் அவர்கள் எடுத்தது 45, 50, 60, 75, 80, 80, 85, 85. கூட்டினால் 560, எட்டால் வகுத்தால் சராசரி 70.

சிதறலை அளக்க, ஒவ்வொரு பிள்ளையும் 70-லிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறோம். 45 எடுத்த பிள்ளை 25 கீழே, 50 எடுத்தது 20 கீழே, 60 எடுத்தது 10 கீழே. மேலே இருப்பவர்கள் 5, 10, 10, 15, 15. இவற்றை அப்படியே கூட்டினால் கீழே 55, மேலே 55. ஒன்றை ஒன்று அடித்து பூஜ்யம் வந்துவிடும். எந்த வகுப்புக்குச் செய்தாலும் பூஜ்யம்தான், ஏனென்றால் சராசரி என்பதே இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் இடம். அதனால் ஒவ்வொரு தூரத்தையும் அதாலேயே பெருக்கி வர்க்கமாக்குகிறோம். கழித்தல் குறி போய்விடும்.

625, 400, 100, 25, 100, 100, 225, 225. மொத்தம் 1800. எட்டால் வகுத்தால் 225. இதுதான் வேரியன்ஸ். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் 'விலக்க வர்க்கச் சராசரி', இலங்கையில் 'மாறற்றிறன்' என்பார்கள்.

டீச்சர் கேட்ட கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. மார்க்கை மார்க்கால் பெருக்கிவிட்டோம். ஆகவே 225 என்பது 225 மார்க் இல்லை, 225 'சதுர மார்க்'. ஊரில் மனை வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். 225 சதுர அடி அறை என்றால் அதன் சுவர் 225 அடி நீளம் என்று யாரும் நினைக்க மாட்டோம். சதுர அறையாக இருந்தால் சுவர் 15 அடி. வேரியன்ஸ் அந்த அறையின் பரப்பு மாதிரி. சுவரின் நீளம் வேண்டுமென்றால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

225-இன் வர்க்கமூலம் 15. இதுதான் திட்ட விலக்கம், இலங்கை வழக்கில் நியம விலகல். இது 15 மார்க். தேர்வுத் தாளில் இருக்கிற அதே மார்க். அதனால் சராசரிக்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கலாம்: "வகுப்பு 70-ஐச் சுற்றி, ஏறக்குறைய 15 மார்க் இப்படியும் அப்படியும் நிற்கிறது."

பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். 70-லிருந்து 15 கீழே போனால் 55, மேலே போனால் 85. இந்த இடைவெளிக்குள் எட்டுப் பேரில் ஆறு பேர் இருக்கிறார்கள். வெளியே நிற்பது 45-ம் 50-ம் மட்டும். இப்படி விரல் வைத்து எண்ண 225 உதவாது. 70-உடன் 225-ஐக் கூட்டவோ கழிக்கவோ அர்த்தமே கிடையாது.

இப்போது போன வருடம். அதே எட்டுப் பேர்: 55, 60, 60, 70, 75, 75, 80, 85. சராசரி 70, வேரியன்ஸ் 100, திட்ட விலக்கம் 10. 60-க்கும் 80-க்கும் நடுவில் ஆறு பேர்.

ஆக, சிதறல் 10 மார்க்கிலிருந்து 15 மார்க் ஆகியிருக்கிறது. ஒன்றரை மடங்கு. "இரண்டே கால் மடங்கு" என்பது ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி வந்த எண். அறையின் ஒவ்வொரு சுவரையும் ஒன்றரை மடங்கு நீட்டினால் பரப்பு இரண்டே கால் மடங்கு ஆகும், அவ்வளவுதான். ஒருங்கிணைப்பாளர் பரப்பைப் பார்த்து, சுவர் அவ்வளவு நீண்டுவிட்டது என்று பயந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் எழுதிக் கொடுத்தது அதைத்தான்.

இதே சிக்கல் வேறு மாதிரியும் வரும். சில பள்ளிகளில் தேர்வு 50-க்கு, சிலவற்றில் 100-க்கு. இந்த எட்டுப் பேரின் மார்க்கையும் பாதியாக்கி 50-க்குப் போட்டால் திட்ட விலக்கமும் பாதியாகி 7.5 ஆகும். நாம் எதிர்பார்ப்பதும் அதுதான். ஆனால் வேரியன்ஸ் 225-லிருந்து 56.25-க்கு இறங்கிவிடும், கால்வாசி. அதே பிள்ளைகள், அதே விடைத்தாள். இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர், முதல் பள்ளியில் பிள்ளைகள் எங்கேயோ சிதறிக் கிடக்கிறார்கள் என்று நினைப்பார்.

அப்படியானால் வேரியன்ஸ் எதற்கு? கூட்டிப் பார்ப்பதற்கு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்களால் மார்க் சிதறினால், அவற்றின் வேரியன்ஸை நேராகக் கூட்டலாம், திட்ட விலக்கத்தை அப்படிக் கூட்ட முடியாது. ரொனால்ட் ஃபிஷர் 1918-இல் ஒரு மரபியல் கட்டுரையில் இந்தப் பெயரைக் கொண்டுவந்ததே, உயரம் போன்ற ஒன்றில் எவ்வளவு மாறுபாடு எந்தக் காரணத்தால் வருகிறது என்று பங்கு பிரிக்கத்தான். கணக்குப் போடுகிறவருக்கு வேரியன்ஸ் வசதி. அறிக்கையை வாசிக்கிற அம்மா அப்பாவுக்குத் திட்ட விலக்கம்.

அடுத்த சனிக்கிழமை ஷீட்டைத் திருத்தி எடுத்துப் போனேன். மாற்றியது ஒரே ஒரு வரி.

```
=VAR.P(B2:B9)
=STDEV.P(B2:B9)
```

முதல் வரியை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டேன். கடைசியில் இருக்கிற `P`-ஐக் கவனியுங்கள். வகுப்பில் இருக்கிற எல்லோருடைய மார்க்கும் கையில் இருப்பதால், எட்டால் வகுக்கும் `P`. ஒரு பெரிய கூட்டத்திலிருந்து சிலரை மட்டும் எடுத்து, அதை வைத்து முழுக் கூட்டத்தையும் மதிப்பிடும்போதுதான் `STDEV.S`. அது ஏழால் வகுக்கும். நம் பட்டியலுக்கு அதைப் போட்டால் 15-க்குப் பதில் சுமார் 16 வரும். சின்ன வகுப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஒரு வருடம் இதையும் மறு வருடம் அதையும் போட்டு ஒப்பிடக் கூடாது.

டீச்சர் 15-ஐப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது எங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தானே. ஏ லெவலில இசட் ஸ்கோர் எண்டு போடுறது இதால பிரிச்சுத்தான்." உண்மைதான். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்கு அடிப்படை, மார்க்கிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுப்பது.

அவரே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். 45 எடுத்த பிள்ளை 25 மார்க் கீழே, 15-ஆல் வகுத்தால் 1.67 திட்ட விலக்கம் கீழே. 50 எடுத்தது 1.33. நான் சொன்ன அந்தப் பையன் 60. அவன் 0.67 தான் கீழே. "இவனை ஏன் இறக்கிறியள்? இவன் கூட்டத்துக்குள்ளதானே நிக்கிறான்" என்றார்.

ஆனால் திட்ட விலக்கம் சொல்லாத ஒன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது, அதையும் அவர்தான் பார்த்தார். 60-க்கும் 75-க்கும் நடுவில் யாருமே இல்லை. சராசரி 70 என்கிறோம், அந்த 70-க்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைகூடக் கிடையாது. மூன்று பேர் கீழே ஒரு கூட்டம், ஐந்து பேர் மேலே ஒரு கூட்டம். வகுப்பு மெல்ல விரிந்தாலும் 15 வரலாம், இப்படி இரண்டாகப் பிளந்தாலும் 15 வரலாம். அந்த எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சின்ன வகுப்பென்றால் மார்க்கை வரிசையாக எழுதிப் பார்த்துவிட வேண்டும், ஒரு நிமிஷ வேலை.

பிளவு எங்கிருந்து வந்தது என்று விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தோம். இந்த வருடம் புதிதாக 20 மார்க்குக்குச் சொல்வதெழுதுதல் சேர்த்திருந்தார்கள். அந்த மூன்று பேரும் அதில் 6-ஐத் தாண்டவில்லை. மற்ற ஐந்து பேரும் 15-க்குக் குறையவில்லை. ர-ற, ல-ள-ழ எல்லாம் காதில் ஒன்றாகவே விழுகிற பிள்ளைகள். வாசிப்பதிலும் பேசுவதிலும் அவர்களுக்குப் பெரிய பின்னடைவு இல்லை. மூன்றாம் நிலையில் போய் உட்கார்ந்தால் ஏற்கெனவே தெரிந்த பாடத்தைத்தான் திரும்பப் படிப்பார்கள்.

ஒருங்கிணைப்பாளர் கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டிவிட்டு, "சரி, அங்கேயே இருக்கட்டும்" என்றார். இப்போது வகுப்பு முடிந்ததும் அந்த மூன்று பேருக்கும் அரை மணி நேரம் சொல்வதெழுதுதல் நடக்கிறது. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். பையன் வருகிறான், அம்மா வெளியே காரில் காத்திருக்கிறார். அடுத்த தேர்வு ஜூனில். அதற்கான ஷீட்டில் சராசரி, திட்ட விலக்கம், அதற்குக் கீழே எட்டு மார்க்கும் வரிசையாக வரும்படி இப்போதே போட்டு வைத்திருக்கிறேன்.