பட்டியலில் வராத ஹெட்போன் பழுதானதல்ல

"போன்ல பேரே வரலை, ஹெட்போன் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கடைக்காரரும் பிரித்துப் பார்க்காமலே "போர்டு போயிருக்கும்" என்கிறார். வீட்டிலேயே முடிகிற வேலைக்கு எதற்கு இந்த அலைச்சல்?

புளூடூத் ஹெட்போனை ஆன் செய்தால், அது முதலில் தேடுவது கடைசியாக இணைந்த கருவியைத்தான். பக்கத்து அறையில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் சத்தமில்லாமல் அதோடு ஒட்டிக்கொள்ளும். பேரிங் மோடுக்குக் கொண்டுபோகாதவரை புதிய போனுக்குத் தன்னைக் காட்டாது.

சோனி WH-1000XM4 ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் கேட்டுக்கொண்டிருந்ததை இப்போது போனில் இணைக்க வேண்டும். முதலில் லேப்டாப்பில் புளூடூத்தை அணையுங்கள். பிறகு ஹெட்போனை அணைத்துவிட்டு, பவர் பட்டனைச் சுமார் 7 வினாடி விடாமல் அழுத்துங்கள். நீல விளக்கு இரண்டிரண்டாக மினுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் 2 வினாடியில் விரலை எடுத்துவிடுகிறார்கள். அப்போது ஹெட்போன் ஆன் ஆகுமே தவிர, பட்டியலில் வராது. மினுக்கல் சுமார் 5 நிமிடம்தான் நீடிக்கும். அதற்குள் போனில் தேடுங்கள். LE_ என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் அதை விட்டுவிட்டு, WH-1000XM4 என்பதைத் தொடுங்கள்.

பெயர் தெரிந்தும் இணைய மறுக்கிறதா? பழைய பிணைப்பு இடிக்கிறது. ஜோடி சேரும்போது இரு கருவிகளும் ஒரே ரகசியச் சாவியைச் சேமித்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அழிந்தால் மறுபக்கம் பழைய சாவியை நீட்டும், இணைப்பு தோற்கும். ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு Forget கொடுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்பில் Settings, Bluetooth & devices, Devices என்று போய், மூன்று புள்ளியில் Remove device கொடுங்கள்.

அடுத்து ஹெட்போனின் நினைவையும் துடையுங்கள். சார்ஜர் ஒயரைக் கழற்றி, ஹெட்போனை அணைத்து, பவர், CUSTOM இரண்டு பட்டனையும் சேர்த்து 7 வினாடி அழுத்துங்கள். நீல விளக்கு 4 முறை மினுக்கினால் முடிந்தது. ஒயர் செருகியிருந்தால் நடக்காது. திரும்பச் சொல்கிறேன், ஒயரைக் கழற்றுங்கள். இதில் எல்லா ஜோடியும் போய்விடும். ஆகவே முன்பு இணைத்த ஒவ்வொரு கருவியிலும் Forget கொடுத்த பிறகே புதிதாக இணையுங்கள். மற்ற மாடல்களுக்குப் பட்டன் வேறு. பெட்டியிலுள்ள கையேட்டைப் பாருங்கள்.

ஹெட்போனை விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் அதன் நினைவைத் துடைக்காமல் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்குப் போனதாக இருந்தால், உங்கள் அழைப்பு பக்கத்து வீட்டுக்காரர் காதில் ஒலிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு விளக்கே மினுக்கவில்லை என்றால் மட்டும், பில்லோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாரண்டி இருக்கும்போது தெருமுனைக் கடையில் பிரிக்க விடாதீர்கள். பிரித்த பொருளுக்கு வாரண்டி மறுக்கப்படலாம்.